விற்பனை விழுந்ததா, எண்ணிக்கை விழுந்ததா?

செவ்வாய்க்கிழமை காலை. ஈரோட்டுப் பக்கம் இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடையின் கூகுள் ஆட்ஸ் கணக்கு. திங்கட்கிழமைகளில் நாற்பதை ஒட்டி வரும் கன்வெர்ஷன், இந்தத் திங்களன்று 18 என்று நிற்கிறது. முதலாளி அதற்குள் போன் செய்துவிட்டார்: “என்னங்க, வெளம்பரம் ஓடுதுங்களா இல்லீங்களா? பணம் மட்டும் போயிட்டே இருக்குதுங்களே!”

கோவையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் அப்போதைக்கு எதையும் நிறுத்தவில்லை, பட்ஜெட்டையும் குறைக்கவில்லை. இப்படி ஒரு காலையில் விளம்பரத்தில் கை வைப்பதுதான் பெரும்பாலும் சேதத்தை உண்டாக்கும். விழுந்தது விற்பனையா, அதை எண்ணும் கருவியா என்பது தெரியாதவரை செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் அந்த 18 நம்பத்தக்க எண்தானா என்று பார்க்க வேண்டும். கூகுள் ஆட்ஸ் வழக்கமாகக் காட்டும் பத்தியில், ஒருவர் சனிக்கிழமை விளம்பரத்தைத் தொட்டுத் திங்கட்கிழமை வாங்கினால், அந்த விற்பனை சனிக்கிழமை கணக்கில் போய்ச் சேரும். அதனால் நேற்றைய எண் எப்போதுமே குறைச்சலாகத்தான் தெரியும். நாள் ஆக ஆக நிரம்பும். முடிந்துபோன வாரங்களின் திங்களோடு நேற்றைய திங்களை ஒப்பிடுபவர் வாராவாரம் பயந்துகொண்டே இருப்பார். வாங்கிய நாளின்படி எண்ணிக் காட்டும் இன்னொரு பத்தியும் அங்கே உண்டு. அதை எடுத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் நீங்கும். அவர் பார்த்தது அதைத்தான். அதிலும் 18.

அடுத்தது, எதேச்சையான ஏற்ற இறக்கம். சராசரி 40 என்றால் அதன் வர்க்கமூலம் ஆறு சொச்சம். இரண்டு மடங்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனால் 27 முதல் 53 வரை எது வந்தாலும் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 18 அந்த வரம்புக்கு வெளியே விழுகிறது. நாளுக்கு நான்கே ஆர்டர் வரும் கடையில் ஒரு நாள் ஒன்று வந்தால் அது செய்தியே அல்ல. அங்கே நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குதான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு அவர் திறந்தது விளம்பரக் கணக்கை அல்ல, கடையின் ஆர்டர் பட்டியலை. அதற்கு டேக் தேவையில்லை, குக்கீ தேவையில்லை. பணம் வந்தால் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். திங்கட்கிழமை அதில் 62 ஆர்டர். முந்தைய வாரங்களிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆர்டர்கள் நூறு என்றால் விளம்பரக் கணக்கு அதில் 64, 65-ஐத் தன்னுடையது என்று சொல்வது அந்தக் கடையின் வழக்கம். அன்றைக்கு 29 தான் சொல்கிறது. இந்த விகிதம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மாதிரி இருக்கும். எவ்வளவு என்பது முக்கியமில்லை, நிலையாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஆர்டரும் கன்வெர்ஷனும் சேர்ந்து விழுந்தால் விற்பனையில் ஏதோ நடந்திருக்கிறது. ஆர்டர் நின்ற இடத்தில் நிற்க, கன்வெர்ஷன் மட்டும் விழுந்தால் சந்தேகம் முதலில் எண்ணிக்கையின் மேல்தான்.

உறுதிப்படுத்த ஒரு பழைய வழி இருக்கிறது. அனலிட்டிக்ஸில் பதிவான `transaction_id` பட்டியலையும் கடையின் ஆர்டர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்துவது. விளம்பரம் வழியாக வராதவர்களின் ஆர்டரும் அனலிட்டிக்ஸில் ஏறும் என்பதால் அங்கே 62-ம் கிட்டத்தட்ட முழுசாக இருக்க வேண்டும். இருந்தது 28. காணாமல் போன 34 வரிகளுக்கும் நேரம், சாதனம், பணம் கட்டிய முறை ஆகியவற்றை எதிரே எழுதியதும் விஷயம் கண்ணில் பட்டது. ஒன்றுகூடக் காலை 11 மணிக்கு முந்தியது இல்லை. எல்லாமே கைபேசி. எல்லாமே யூபிஐ. கார்டும் டெலிவரியில் காசும் கொடுத்தவர்களின் ஆர்டர்கள் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. வாங்குபவர்களின் மனம் இப்படி ஒரு மணியடித்ததும் ஒரே கட்டண முறையில் மட்டும் மாறாது.

திங்கள் 11 மணிக்குத்தான் வலைத்தளத்தைப் பராமரிப்பவர்கள் புதிய கட்டணப் பக்கத்தை ஏற்றியிருந்தார்கள். யூபிஐயில் பணம் கட்டுபவர் வேறொரு செயலிக்குப் போய்த் திரும்பி வருகிறார். முன்பு, அவர் திரும்பியதும் பக்கம் `/thank-you` என்ற முகவரிக்கு மாறும். டேக் அந்த முகவரியைப் பார்த்துத்தான் எண்ணும். புதிய பக்கமோ, முகவரியை மாற்றாமல் அதே இடத்தில் ‘ஆர்டர் உறுதி’ என்று காட்டிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு மிகவும் வசதி. டேகுக்கு மட்டும் எதுவும் தெரியாது. முகவரியை நம்பாமல், ஆர்டர் உறுதியான கணத்தில் தளமே இப்படிச் சொல்லும்படி மாற்றச் சொன்னார்:

```
dataLayer.push({
  event: "purchase",
  ecommerce: {
    transaction_id: "48213",
    value: 2450,
    currency: "INR"
  }
});
```

டேக் சரியானதோடு வேலை முடியவில்லை. ஏலத்தொகையைத் தானே முடிவு செய்யும் ஸ்மார்ட் பிட்டிங், அந்த இரண்டு நாள் வெறுமையை நிஜமென்று எடுத்துக்கொண்டு ஏலத்தைக் குறைக்கும். அதனால் Data exclusions என்ற வசதியில் அந்த நாட்களைக் கணக்கில் எடுக்காதே என்று குறித்தார். இந்த வசதி கிளிக் நடந்த நாளைப் பார்க்கிறது, விற்பனை நடந்த நாளை அல்ல. இந்தக் கடையில் கிளிக்கிலிருந்து வாங்குவதற்கு இரண்டு நாள் வரை ஆகிறது என்பதால் சனிக்கிழமையிலிருந்தே குறிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வேறு வகைத் தலைவலி. நாளுக்கு 9,000 ரூபாயை ஒட்டிச் செலவாகிக்கொண்டிருந்த கணக்கில் 17,000, மறுநாள் 19,000. பட்ஜெட் 15,000. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. சராசரி தினசரி பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை ஒரு நாளில் செலவழிக்க கூகுளுக்கு இடமுண்டு, மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். முதலாளிகளுக்கு இதைப் புரியவைப்பது தனிக் கலை. ஆனால் இங்கே கிளிக் எண்ணிக்கையோடு கிளிக் ஒன்றின் விலையும் ஏறியிருந்தது. இருந்த பட்ஜெட் மிச்சத்தைத் தாராளமாக விடுவது வேறு, ஏலத்தையே உயர்த்திக் கேட்பது வேறு. Change history-யில் யாரும் எதையும் தொட்டதாகப் பதிவில்லை. ஆர்டர் 63, கன்வெர்ஷன் 55.

பழைய முகவரி டேகை யாரும் எடுக்கவில்லை. கார்டில் கட்டுபவர்கள் இன்னமும் `/thank-you` பக்கத்துக்குத்தான் போகிறார்கள். அவர்களை இரண்டு டேகும் எண்ணின. பழைய டேக் விளம்பரக் கணக்குக்கு ஆர்டர் எண்ணை அனுப்பாததால், இரண்டும் ஒரே ஆர்டர் என்று அந்தக் கணக்கால் கண்டுபிடித்துக் கழிக்க முடியவில்லை. ஒரு ரூபாய்க்கு இவ்வளவு வருமானமா என்று ஸ்மார்ட் பிட்டிங் உற்சாகமாகிவிட்டது. பழைய டேகை நீக்கியதும் விகிதம் அன்றைக்கே பழைய நிலைக்கு வந்தது. செலவு இறங்க இன்னும் சில நாள் பிடித்தது.

அதே கடையில் பின்னொரு மாதம் உண்மையாகவே விற்பனை சரிந்தபோது படம் முற்றிலும் வேறாக இருந்தது. ஆர்டரும் கன்வெர்ஷனும் கைகோத்து இறங்கின, விகிதம் அசையவில்லை. ஒரு மணியில் வெட்டியது போல விழாமல், நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, கைபேசி, கணினி, யூபிஐ, கார்டு எல்லாவற்றிலும். கிளிக்கும் அதன் விலையும் மாறவில்லை, சேலைப் பக்கத்தைப் பார்த்தவர்களும் அதே அளவு. கூடையில் போடுவது மட்டும் குறைந்திருந்தது. சேலை வாரியாகப் பிரித்துப் பார்த்தால், விளம்பரப் படத்தில் இருந்த நிறம் தீர்ந்துபோய், மற்ற நிறங்கள் மட்டும் பக்கத்தில் மிச்சம் இருந்தன.

அன்றைக்கு அவர் போன் போட்டது தளப் பராமரிப்பாளருக்கு அல்ல, கிடங்குக்கு.