'விடுவிக்கப்பட்டார்!'

வேலையில் சேர ஒரே ஒரு ஆர்டர் போதும். விலகினால்தான் இரண்டு காகிதம் வேண்டும்! ஒன்று ரிலீவிங் லெட்டர், இன்னொன்று எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். 'ரெண்டும் ஒண்ணுதானே?' என்பார்கள். இல்லை ஸார்! முதலாவது நம் பெயருக்கு வரும் கடிதம். 'உமது ராஜினாமாவை ஏற்றோம், இன்ன தேதியோடு விடுவித்தோம்' என்று சொல்லும். இரண்டாவது ஊருக்குப் பொதுவானது. 'இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இன்ன பதவியில் இருந்தார்' என்று சொல்லும். முன்னது விவாகரத்துத் தீர்ப்பு, பின்னது நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

பி.காம். படித்த பாவத்துக்கு நாலே முக்கால் வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். 2018 ஜூலை 2-ல் சேர்ந்து, 2023 மார்ச் 31-ல் விலகினேன். "லெட்டரெல்லாம் செட்டில்மென்ட் முடிஞ்சதும் மெயில்ல வரும் ஸார்" என்றார்கள். செட்டில்மென்ட் பணம் வந்தது. லெட்டர் வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்கு" என்று பதில் வந்தது. பிறகு பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தேன். கட்டுரைக்கு யார் ரிலீவிங் லெட்டர் கேட்கிறார்கள்?

எழுத்து சோறு போடுகிறது, குழம்புதான் பிரச்னை. அதனால் சமீபத்தில் ஓர் அலுவலகத்தில் பகுதி நேர அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனேன். எல்லாம் சரி, 15 நாளில் அந்த இரண்டு காகிதமும் வேண்டும் என்றார்கள். இல்லையென்றால்? "அந்த நாலே முக்கால் வருஷத்தைக் கணக்குல எடுக்க முடியாது ஸார். புதுசா சேர்றவங்களுக்கான சம்பளம்தான்." தலை நரைக்க ஆரம்பித்தவனுக்கு நேற்று காலேஜ் முடித்த பையன் சம்பளம்!

பழைய கம்பெனிக்குப் போன் போட்டேன். எச்.ஆரில் என் காலத்து ஆள் ஒருவர்கூட இல்லை. புதிதாக வந்த பெண் மிக மரியாதையாக, "ஸார், உங்க பேர்ல நோ-டியூஸ் க்ளோஸ் ஆகலை. அதான் லெட்டர் ஜெனரேட் ஆகலை" என்றார்.

நோ-டியூஸ் என்பது கோயில் பிராகாரம் மாதிரி. ஒவ்வொரு சன்னதியாக நின்று கையெழுத்து வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவில் லாப்டாப், அட்மினில் அடையாள அட்டை, அக்கவுண்ட்ஸில் அட்வான்ஸ் பாக்கி. ஒரு கையெழுத்து குறைந்தாலும் கடிதம் நகராது. என் விஷயத்தில் காலியாக இருந்தது 'லைப்ரரி' என்ற கட்டம். அந்த ஆபீஸில் லைப்ரரியே கிடையாது!

போனில் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததே இல்லை; அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் இருக்கும் பதிவுதான். ஆகவே ஒரே மெயில் போட்டேன். எம்ப்ளாயி நம்பர், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், எனக்கு என்னென்ன இரண்டு கடிதங்கள் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். கூடவே ராஜினாமாவை ஏற்ற மெயில், லாப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது, கடைசி மாத சம்பளச் சீட்டு. ஆபீஸ் மெயில் கடைசி நாள் சாயங்காலமே மூடப்பட்டுவிடும் என்பதால், இதையெல்லாம் விலகுவதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

நாலாம் நாள் கடிதத்தின் மாதிரி வந்தது. படித்தால் 'ஜனவரி 31, 2023 அன்று விடுவிக்கப்பட்டார்' என்றிருந்தது. அது நான் ராஜினாமா கொடுத்த தேதி! அதற்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸ் காலம் முழுக்க உழைத்திருக்கிறேன்.

'ரெண்டு மாசம்தானே, போகட்டும்' என்று விடக்கூடாது. புது ஆபீஸில் இதைச் சரிபார்ப்பவர்கள் பி.எஃப். பதிவையும் பார்ப்பார்கள். பி.எஃப். இணையதளத்தில் நம் யு.ஏ.என். எண்ணோடு உள்ளே போனால் 'Service History' என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி அதில் வரும். எனக்கு அங்கே மார்ச் 31 என்று இருந்தது. கடிதம் ஒன்று சொல்லி, பி.எஃப். வேறொன்று சொன்னால் சந்தேகம் கடிதத்தின் மேல் வராது. நம் மேல்தான் வரும்!

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மார்ச் சம்பளச் சீட்டோடு அனுப்பினேன். "ஸாரி ஸார், ராஜினாமா தேதியை எடுத்துட்டோம்" என்று உடனே திருத்தினார்கள். கடிதத்தின் மேலே இன்றைய தேதி, உள்ளே 2023 மார்ச் 31. அதுதான் சரி. பழைய தேதி போட்டுக் கொடுங்கள் என்று கேட்கவே கூடாது. கையெழுத்துப் போடுகிறவர் அன்று அந்தக் கம்பெனியிலேயே இல்லையே!

பதினோராம் நாள் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு இரண்டும் வந்து சேர்ந்தன. சர்டிபிகேட்டின் கடைசி வரி: 'பணிக்காலத்தில் இவரது நடத்தை மிகச் சிறப்பாக இருந்தது.'

பெருமையாக மனைவியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"கையெழுத்துப் போட்டவங்க உங்களைப் பார்த்ததே இல்லைன்னு சொன்னீங்களே... இவங்கதானா?"