பரங்கிமலையும் பக்க எண்ணும்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போன நாட்களில் பரங்கிமலையை தினமும் பார்த்தவள் அவள். வரலாறு படிக்க இங்கிலாந்து போனதும் முதல் கட்டுரையே அந்த மலையில்தான் தொடங்கியது. 1802-ல் வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோடு அளந்து ஆரம்பித்த நில அளவை அறிவியலுக்கா, ஆட்சிக்கா?

நம்மூர்ப் பரீட்சைபோல ஆண்டு வரிசையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். "தகவல் சரி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார் பேராசிரியை. ஒரு பத்தியைக் காட்டி, "இது யாருடைய கருத்து?" என்றும் கேட்டார். சொந்த வார்த்தையில் மாற்றி எழுதிவிட்டால் அடிக்குறிப்பு வேண்டாம் என்று அவள் நினைத்திருந்தாள். வார்த்தை மாறினாலும் கருத்து கடன்தான். நூலாசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் நான்கும் தர வேண்டுமாம்.

மறுபடி எழுதினாள். முதல் பத்தியிலேயே பதில் வந்தது: ஆட்சிக்கே முதலிடம். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் லாம்டன் தன் திட்டத்தை முன்வைத்தார் என்பது சான்று. பூமியின் வடிவத்தை அளக்கும் ஆசை அவருக்கு உண்மையிலேயே இருந்தது என்ற எதிர்ச்சான்றையும் மறைக்கவில்லை. ஆனால், செலவழித்தது கம்பெனி என்று அதற்கு விடை சொன்னாள்.

விடுமுறைக்கு வந்தபோது சித்தப்பா வாட்ஸ்அப்பில் வந்த வரலாற்றுச் செய்தி ஒன்றை சத்தமாகப் படித்தார். அவள் கேட்டாள்: "எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம் சித்தப்பா?"