இடுப்புச் சுற்றளவு

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பொட்டலம் திரும்பி வந்தது. சிவப்புப் பட்டுப்பாவாடை. மடிப்பில் மஞ்சள் கறை, லேசான வியர்வை வாடை. கூடவே என் இணையக் கடைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம்: "சைஸ் பொய். பிள்ளை அழுதுட்டா."

போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்புகிறார்கள் என்று எனக்குக் கோபம். 48 ரிங்கிட்டுக்கு விற்ற பாவாடை அது. வாங்கிய விலை 30. தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 6.70, உறை, ஒட்டுநாடா 1.30. கையில் நிற்பது பத்து ரிங்கிட். வாங்கியவர் 'விவரிப்புக்கு மாறானது' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்ததால் திரும்பி வரும் தபால் செலவு 6 ரிங்கிட்டும் என் தலையில். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் கறைபட்ட பாவாடையை இனி யாரிடம் விற்பது? மொத்தம் 37.30 போச்சு. நாலு பாவாடை விற்றால்தான் அது ஈடாகும்.

விமர்சனத்துக்குக் கீழே கடைக்காரர் பதில் எழுத இடம் உண்டு. "கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று தட்டி வைத்திருந்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நாற்பது வருஷம் தைத்தவர்.

"இடுப்பு எத்தனை இஞ்ச்னு போட்டிருந்தியாம்மா?"

"4-5 வயசுன்னு போட்டிருந்தேன் அத்தை. கட்டுல அப்படித்தான் எழுதியிருந்திச்சு."

"வயசுக்கு ஏது இடுப்பு?"

கிள்ளானில் மொத்தமாக எடுத்த கட்டு அது. மீதியிருந்த பாவாடைகளை அவர் டேப்பில் அளக்க, நான் எழுதினேன். ஒரே எண் போட்ட பாவாடைகளில் ஒன்று 21½, ஒன்று 20. திரும்பி வந்ததோ 19. அந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக 21 இருக்கும் என்றார் அத்தை. கொக்கி மாட்டியிருக்கவே மாட்டார்கள். பாதி இழுத்துப் பிடித்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

எழுதிய பதிலை அழித்தேன். "அளவை நாங்கள் சரியாகப் போடவில்லை, மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதினேன்.

அந்தப் பக்கத்தையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று தோன்றாமல் இல்லை. நீக்கினால் அதே பாவாடைக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகளும் சேர்ந்து போய்விடும். ஒற்றை நட்சத்திரத்தை அப்படியே விட்டு, படங்களைத்தான் மாற்றினேன். இப்போது இரண்டாவது படமே பாவாடையை மேசையில் பரப்பி, இடுப்புப் பட்டியில் டேப்பை வைத்து எடுத்தது. எண் தெரிய வேண்டும் என்று ஜன்னலோரம் எடுத்தேன். வயதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாவாடையையும் அளந்து, இடுப்பு, நீளம் இரண்டையும் போட்டேன். ஒரு கட்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

வயதை வைத்துத் தேடுகிறவர்கள் கண்ணில் படாததால் பார்வைகள் குறைந்துதான் போயின. நேற்று ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, 4 வயசுக்குப் பத்துமா?"

"பிள்ளை இடுப்பை அளந்து சொல்லுங்க" என்றேன். இன்னும் பதில் இல்லை.