கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோமா?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் டெல்டாவில் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரு படம் வந்துவிடும். கடலில் ஒரு புள்ளி, அதிலிருந்து கரையை நோக்கி ஒரு கோடு, கோட்டைச் சுற்றிப் போகப் போக அகலமாகும் ஒரு நிழல். பேராவூரணிப் பக்கத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், அந்தப் படம் வந்த உடனே தேதியும் நேரமும் எழுதிச் சேமித்து வைப்பார். பழையதை அழிக்க மாட்டார். புதுப்படம் வந்தால் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். கஜாவுக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

அவருடைய அக்கா மகன் போன பருவத்தில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார். "மாமா, நம்ம ஊரு கூம்புக்கு வெளியிலதானே இருக்கு? வாழைக்கு முட்டுக் கொடுக்க வேணாம்ல?"

நம் வாசகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. அதற்கு அவர் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், அந்தக் கூம்பு எப்படி வரையப்படுகிறது? புயலின் அகலம்தான் கூம்பின் அகலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய வானிலைத் துறை, கடந்த சில ஆண்டுகளில் தன் கணிப்புக்கும் புயல் உண்மையில் போன இடத்துக்கும் எவ்வளவு தூரம் விலகல் இருந்தது என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாள் முன்னால் சொன்னதில் சராசரியாக 75 முதல் 85 கிலோமீட்டர், இரண்டு நாள் முன்னால் என்றால் 110 முதல் 130, மூன்று நாள் என்றால் 160 முதல் 180 என்று சுமாராக வைத்துக்கொள்ளலாம். புதிய புயல் ஒன்று வந்ததும், நாளை இங்கே இருக்கும் என்று குறித்த புள்ளியைச் சுற்றிச் சின்ன வட்டம், நாளை மறுநாள் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் என்று போட்டுக்கொண்டே போவார்கள். எல்லா வட்டங்களையும் வெளிப்பக்கமாக இணைத்தால் கூம்பு வந்துவிடும். வானிலைத் துறையின் படத்தில் CONE OF UNCERTAINTY என்று இருப்பது இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது 'சராசரி' என்ற சொல். சராசரிப் பிழையை வைத்து வட்டம் போட்டால், சராசரிக்கு மேலே தவறிய புயல்கள் எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியேதான் போயிருக்கும். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் தன் வட்டத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாக, மூன்றில் இரண்டு முறை மையம் உள்ளே விழும் அளவுக்குப் போடுகிறது. அப்படிப் போட்டும் மூன்றில் ஒரு முறை வெளியே போகிறது. ஆகவே கூம்பின் ஓரம் என்பது வயல் வரப்பு போல அல்ல. வரப்புக்கு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் நிம்மதி என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது.

2018 நவம்பரில் நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கஜா கடலில் இருந்தபோது, 11-ம் தேதி வாக்கில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் அறிவிப்பு இருந்தது. பேராவூரணியில் இருந்தவர்களுக்கு அது சென்னைக்காரர்கள் கவலை. அடுத்த நாட்களில் அந்த எல்லை தெற்கே நகர்ந்து, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று ஆனது. 16-ம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டாவைக் குறுக்கே கடந்து மேற்கே போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் தென்னை சாய்ந்த கதையை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து வேதாரண்யம் நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். நான்கு நாள் முன்கணிப்பில் 200 கிலோமீட்டர் விலகுவது சாதாரணமாக நடப்பது. அதாவது 11-ம் தேதி அறிவிப்பைப் பார்த்தபோதே, 'நமக்கும் வரலாம்' என்பது அதற்குள் அடங்கித்தான் இருந்தது. "அவங்க சொன்னது பொய்யில்ல. நான் கோட்டை மட்டும் பார்த்தேன்" என்பார் அவர். அந்த எல்லை ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரே பக்கமாக, தெற்கே தெற்கே நகர்ந்துகொண்டிருந்ததைத் தனித்தனிப் படமாகப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் படங்களை வரிசையாக அடுக்கி வைப்பதற்குக் காரணம் அதுதான். கோடு இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று ஆடினால் அது வழக்கமான ஆட்டம். மூன்று நான்கு அறிவிப்பாக ஒரே திசையில் நகர்ந்தால், அது இன்னும் நகரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, அந்தத் திசையில் இருப்பவர்கள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். படத்தில் இருக்கும் நேரம் UTC என்று போட்டிருந்தால், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். 15-ம் தேதி 1800 UTC என்பது நமக்கு இரவு பதினொன்றரை மணி. இதைக் கூட்டாமல் படித்துவிட்டு மரம் ஏறும் ஆளை மறுநாளைக்கு வரச் சொன்னவர்கள் உண்டு.

கூம்புக்கு இன்னொரு குறை இருக்கிறது. அது பழைய புயல்களின் பிழையை வைத்து வரையப்பட்டது என்பதால், இன்றைய புயல் எளிதானதா, குழப்பமானதா என்று அது சொல்லாது. நேராக வரும் புயலுக்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாமல் கடலில் நிற்கும் புயலுக்கும் அதே வட்டங்கள்தான். இன்றைய குழப்பத்தைக் காட்டுவது என்செம்பிள் என்னும் கூட்டுக் கணிப்பு.

வாய்க்கால் தலைப்பில் ஐம்பது வைக்கோல் துண்டுகளைக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போடுங்கள். வாய்க்கால் நேராக இருந்தால் ஐம்பதும் ஒன்றாகவே போகும். கொஞ்ச தூரத்தில் கிளை பிரிந்தால், போடும்போது விரல் அளவு தள்ளிப் போட்டதுகூட எந்தக் கிளைக்குப் போகும் என்பதை மாற்றிவிடும். புயலை நகர்த்துவது மேலடுக்குக் காற்று. இரண்டு உயர் அழுத்தப் பகுதிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட புயல், கிளை பிரியும் இடத்தில் நிற்கும் வைக்கோல் துண்டு மாதிரிதான். கடலுக்கு மேல் நேரடி அளவீடுகள் குறைவு. செயற்கைக்கோளும், அங்கங்கே மிதக்கும் மிதவைகளும், போகிற கப்பல்களும் தருவதுதான். ஆகவே இந்த நிமிடம் காற்று எப்படி இருக்கிறது என்பதிலேயே சிறு சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகத்தின் அளவுக்குத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிக் கணினியில் பலமுறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் 51 முறை ஓட்டுகிறது. 2018 ஜூனில் நம் நாட்டில் தொடங்கிய 12 கிலோமீட்டர் கூட்டுக் கணிப்பில் 21 ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பாதை. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டால் நூல்கண்டு அவிழ்ந்தது போல இருக்கும்.

அந்த நூல்களை எப்படிப் பார்ப்பது? அக்கா மகனுக்கு அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். "51 கோடுன்னு வச்சுக்க. 30 கோடு நெல்லூர்ப் பக்கம் போவுது. 13 கோடு நாகப்பட்டினத்துக்கும் நமக்கும் வருது. மிச்சம் எட்டு கடல்லயே கரைஞ்சுடுது. நடுவுல சராசரி எங்க வரும்?"

மாப்பிள்ளை கணக்குப் போட்டுவிட்டு, "சென்னைப் பக்கம்" என்றார். ஆனால் அந்தத் தாளில் சென்னைக்குப் போன கோடு ஒன்றுகூட இல்லை. நூல்கள் இப்படி இரண்டு கத்தையாகப் பிரிந்திருக்கும்போது நடுக்கோடு யாருக்கும் பயன்படாது. சின்னக் கத்தையில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 51-ல் 13 என்றால் நான்கில் ஒன்று. மழை வருமா வராதா என்று நாம் வழக்கமாகப் போடும் பந்தயத்தில் இது சின்ன வாய்ப்பு இல்லை.

எல்லா நூலும் கத்தையாக நெருங்கி வந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. மையம் சரியாக உருவாவதற்கு முன்னால் ஓட்டினால், எல்லா ஓட்டமும் மையத்தை ஒரே தவறான இடத்தில் வைத்துத் தொடங்கி, ஒற்றுமையாகத் தவறான பக்கம் போகலாம். அப்போது வேறொரு மையத்தின் கூட்டுக் கணிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மையத்தின் கத்தை ஆந்திராவுக்கும், இன்னொன்றின் கத்தை டெல்டாவுக்கும் போனால், இரண்டுமே நெருக்கமாக இருந்தாலும் நிலவரம் தெளியவில்லை என்றுதான் பொருள்.

வாழைக்கு முட்டுக் கொடுப்பதா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒரு ஏக்கருக்கு முட்டும் கூலியும் 15,000 ரூபாய் என்றும், முட்டுக் கொடுத்ததால் காப்பாற்றக்கூடியது 1,00,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 15,000-ஐ 1,00,000-ஆல் வகுத்தால் நூற்றுக்குப் பதினைந்து. காற்று நம் தோட்டத்துக்கு வரும் வாய்ப்பு அதைத் தாண்டினால் முட்டுக் கொடுப்பதுதான் லாபம். 51-ல் எட்டுக் கோடு நம் பக்கம் வந்தாலே அந்த அளவை எட்டிவிடும். கோடு சரியாகத் தோட்டத்தின் மேலேயே வர வேண்டும் என்றும் இல்லை. ஐரோப்பிய மையம் புயல் தாக்கும் வாய்ப்பைக் கணக்கிடும்போது 120 கிலோமீட்டருக்குள் போகும் கோடுகளைச் சேர்த்துக்கொள்கிறது. நாமும் அப்படியே எண்ணலாம்.

எல்லா வேலைக்கும் ஒரே அளவுகோல் போட முடியாது. வடிகால் வாய்க்காலைத் தூர் எடுக்க ஒரு நாள் கூலிதான் செலவு. புயல் வராவிட்டாலும் அது வீண் இல்லை. அதை முதல் படம் வந்த அன்றே செய்துவிடலாம். சம்பாவுக்கு மேலுரம் போடுவதை நிறுத்தி வைக்கவும் செலவில்லை. தென்னையில் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கனமான அடிமட்டைகளை வெட்டித் தலைப்பாரத்தைக் குறைப்பது அப்படி இல்லை. இளநீரை வெட்டினால் அது போனது போனதுதான். ஏறும் ஆளும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்க மாட்டார். அவர் இதற்கு வைத்திருக்கும் வழி, முற்றிய காயை மூன்று நாள் முன்னாலேயே இறக்கிவிடுவது; இளநீரையும் மட்டையையும் இரண்டு நாள் முன்னால் வரும் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்வது. கடைசி நாள் வரை காத்திருந்தால் கணிப்பு இன்னும் துல்லியமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குக் காற்றில் யாரும் மரம் ஏற முடியாது.

கடைசியாக, கூம்பும் நூல்களும் காட்டுவது புயலின் மையப்புள்ளி போகும் வழியை மட்டும்தான். மழை எங்கே கொட்டும் என்று அவற்றில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதன்பின் வலுவிழந்து உள்ளே போன பிறகு, கடலிலிருந்து 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் புயல் படத்தைத் தங்களுக்கானது என்று பார்த்திருப்பார்கள்? மழைக்கு mausam.imd.gov.in தளத்தில் மாவட்டவாரியான எச்சரிக்கை தனியாக வருகிறது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்த பிறகும், அடுத்த இரண்டு நாட்களுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேராவூரணி விவசாயி வடிகால் மடையை அடைப்பார்.