நூறு பிக்சலில் ஒரு தோல்வி

போன மாசம் காலேஜ் மீட்ல நண்பன் 1500 மீட்டர் ஓடினான். 0.2 செகண்டில் முதல் இடம் போச்சு. கடைசி வளைவில் முன்னாடி ஓடினவனைத் தாண்டப் பார்த்து, அவனுக்கு வெளிப்பக்கமாவே ஓடிட்டு வந்தான். "அதனாலதான்டா தோத்தேன்"னு ஒரு வாரமா புலம்பல். "ஒரு மீட்டர் தள்ளி ஓடினதுக்கு என்னடா பெருசா ஆயிடும்?"னு நான் கேட்டுட்டேன். கேட்ட பாவத்துக்கு கணக்கு போட வேண்டியதாச்சு.

நல்லவேளை, ஜூனியர் ஒருத்தன் ட்ரோனில் நேர் மேலே இருந்து எடுத்த போட்டோ இருந்தது. பிரிண்ட் எடுத்து, ரெண்டு பேர் பாதையிலும் நூல் வச்சு அளந்து கழிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. ரெண்டு பாதையும் கிட்டத்தட்ட 60 மீட்டர். அளவில் ஒரு சதவீதம் பிசகினாலே அரை மீட்டருக்கு மேல போயிடும். நான் தேடுறதே ஒண்ணரை மீட்டரை!

அப்புறம்தான் உறைச்சது. முழு வட்டத்தோட சுற்றளவு 2πr. d மீட்டர் தள்ளி ஓடினா 2π(r+d). கழிச்சா மிச்சம் 2πd. r காணாமப் போயிடுது! வளைவு எவ்வளவு பெருசுன்னே தெரிய வேண்டாம். ரெண்டு பேருக்கும் இடைவெளி எவ்வளவு, எவ்வளவு கோணம் திரும்பினாங்க, இந்த ரெண்டு மட்டும் போதும்.

இடைவெளிக்கு லேன் கோடுதான் ஸ்கேல். எங்க கிரவுண்டில் ஒரு லேன் 1.22 மீட்டர், டேப் வச்சே பார்த்தேன். போட்டோவில் அது 60 பிக்சல். ரெண்டு பேர் பாதத்துக்கும் நடுவில் 50 பிக்சல், அதாவது 1.02 மீட்டர். தலையை வச்சு அளக்கக்கூடாது, வளைவில் உடம்பு உள்பக்கம் சாயும். அடுத்தடுத்த போட்டோக்களிலும் இடைவெளி இதேதான்.

கோணத்துக்கு, அவன் வெளிப்பக்கம் போன இடத்திலும் உள்ளே வந்த இடத்திலும் லேன் கோடு போற திசையைப் பார்த்தேன். ஒண்ணு செங்குத்து, இன்னொண்ணு படுக்கை. 90 டிகிரி, கால் வட்டம். சாய்வா எடுத்த போட்டோன்னா இந்தக் கோணம் பொய் சொல்லும். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. லேன் அகலம் போட்டோவில் எல்லா இடத்திலும் ஒரே அளவா இருக்கணும். இதில் இருந்தது.

2 × 3.14 × 1.02 ÷ 4 = 1.60 மீட்டர். என் அளவில் 5 பிக்சல் தப்புன்னு வச்சாலும் 1.44-க்கும் 1.76-க்கும் நடுவில்தான் வரும்.

0.2 செகண்ட்ங்கிறது கடைசி ஓட்ட வேகத்தில், செகண்டுக்கு 7 மீட்டர்னு வச்சா, 1.4 மீட்டர். ம்ம்ம்... பையன் சொன்னது உண்மைதான்.

ஆனா உள்ளேயே ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பான்னு இந்தக் கணக்கு சொல்லாது. முன்னாடி இருந்தவனும் வேகத்தைக் கூட்டியிருப்பானே. ஒண்ணு மட்டும் நிச்சயம். அதே ஒரு மீட்டரை நேர்ப்பாதையில் 30 மீட்டர் ஓடிட்டே விலகியிருந்தா, கூடுதல் தூரம் 2 சென்டிமீட்டர்கூட வராது.

இதை அவன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இதை ரேஸுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாடா?"ன்னான் :-(