முதலில் ஆதார், பிறகுதான் வங்கி

விவாகரத்துக்குப் பின் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பும் பெண்கள் பலர் முதலில் வங்கிக்குப் போகிறார்கள். சம்பளம் அங்கேதானே வருகிறது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் புதுப் பெயரில் அடையாளச் சான்று இல்லாமல் வங்கி பொதுவாகக் கேஒய்சியை மாற்றாது. ஆகவே, நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுடன் ஆதாரில் தொடங்குவதே சரி. அடுத்து பான், அதிலுள்ள பெயர் ஆதாரோடு பொருந்த வேண்டும். அதன்பின் வங்கி, கடைசியாக அலுவலகமும் பிஎஃப் கணக்கும். பிஎஃப் பெயரும் ஆதாரை வைத்தே சரிபார்க்கப்படுகிறது. பொருந்தாவிட்டால் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பிவிடும்.

“இனிஷியல்தானே, பிறகு பார்க்கலாம்” என்பார்கள். ஆனால் ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறைதான் மாற்ற முடியும். திருமணத்தின்போதே ஒன்று போயிருக்கும்! எனவே இனிஷியலா, விரிவான தந்தை பெயரா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே தீர்மானித்து, எல்லாவற்றிலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும்.