பாலாடையில் வெந்நீர்

என் மகள் பிறந்தது சித்திரையில். ராஜபாளையத்தில் அம்மா வீட்டு மாடியில் நின்றால் மலை தெரியும், காற்றுதான் வராது. இருபதாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமியார் வந்தார். பிள்ளையின் உதட்டைத் தொட்டுப் பார்த்து, "நாக்கு வறண்டு கெடக்கு. ஆறவச்ச வெந்நீர் ரெண்டு பாலாடை குடுத்தா என்ன?" என்றார்.

பச்சை உடம்புக்காரி நிறையக் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று என் செம்பைத் தள்ளி வைத்தவரும் அவர்தான். தாகத்தில் தவித்தது நான், தண்ணீர் பிள்ளைக்கு.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். டெல்லியின் கோடையில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளையும் கூடவே தண்ணீர் குடித்த குழந்தைகளையும் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, தண்ணீரால் எந்தக் கூடுதல் நன்மையும் இல்லை. அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் பிள்ளை குறைவாக உறிஞ்சும். குறைவாக உறிஞ்சினால் பால் சுரப்பதும் குறையும். பிறகு, "இவளுக்குப் பால் பத்தலை" என்ற பேச்சு வரும். பழி எங்கே தொடங்கியது என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்தக் கணக்கு மாறாது. அளவு மீறினால் இன்னும் மோசம்: முதிராத சிறுநீரகத்தால் அவ்வளவு நீரையும் வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குழந்தை சோர்ந்து தூங்கிவழியும், வலிப்பும் வரலாம். புட்டிப்பால் மாவில் சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டுவதும் இதே ஆபத்துதான்.

நான் அத்தையோடு வாதாடவில்லை. "ஈரத்துணியை எண்ணுவோம்" என்றேன். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிர்நிறமாகச் சிறுநீர் போனால் நீர் போதும். மறுநாள் காலைக்குள் கொடியில் எட்டுத் துணி. அத்தை எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை.

இரவில்தான் சொன்னார். நாற்பதாம் நாளே அவரைக் களை எடுக்க அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் அழுத பிள்ளைக்கு அவருடைய மாமியார் வெந்நீர் கொடுத்து அடக்கினார். "எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனையும், அங்க பிள்ளை தண்ணி குடிச்சிட்டுத் தூங்கும்." பழக்கம் என்று நாம் சொல்வதற்குள் ஒரு பெண்ணின் கூலி நாள் இருந்திருக்கிறது.

ஆறு மாதம் முடிந்து கூழ் தொடங்கியபோது அத்தையே தண்ணீர் வைத்தார். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கி, அதே பாத்திரத்தில் மூடியோடு ஆறவிட்டு, கரண்டியால் மொண்டார். சாப்பாட்டோடு டம்ளரில் இரண்டு மூன்று மிடறு. பால் குடிப்பது குறையாத அளவுக்கு. அதற்கு முன் பேதியோ காய்ச்சலோ வந்தால்கூடப் பால்தான், இன்னும் அடிக்கடி. உப்புச் சர்க்கரைக் கரைசல் மருத்துவர் சொன்னால் மட்டும். துணி நனைவது குறைந்து, உச்சிக்குழி பள்ளமாகி, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டால் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அன்று துணி எண்ணி முடித்த பிறகு அத்தை என் தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.